காதால் படிக்கப்படும் மின்னஞ்சல்: இணைப்பு, தலைப்பு, படம்

பார்வையற்றவர் ஒருவர் மின்னஞ்சலைத் திறக்கும்போது, திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றித் தருவது திரைவாசிப்பான் என்ற மென்பொருள். விண்டோஸ் கணினிகளில் என்.வி.டி.ஏ., ஜாஸ் ஆகிய இரண்டும் அதிகம் பயன்படுகின்றன. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஆகியவை உடன் வருகின்றன.

இவை அஞ்சலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் வாசிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பழகிய பயனர் அப்படிக் கேட்பது குறைவு. பார்வையுள்ளவர் கண்ணை ஓட்டி வேண்டிய இடத்தைப் பிடிப்பதுபோல் அவரும் தாவித் தாவித்தான் படிப்பார். என்.வி.டி.ஏ.வில் `H` விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், `K` விசையை அழுத்தினால் அடுத்த இணைப்புக்கும், `G` விசையை அழுத்தினால் அடுத்த படத்துக்கும் போகலாம். `Insert+F7` அழுத்தினால் அஞ்சலில் உள்ள இணைப்புகளோ தலைப்புகளோ மட்டும் தனிப் பட்டியலாக வரும். அஞ்சலில் உண்மையான தலைப்பு இல்லையென்றால் `H` எங்கும் நகராது. இணைப்புகளுக்கெல்லாம் ஒரே பெயர் என்றால் பட்டியலால் பயனில்லை. செய்தி முழுவதும் படத்துக்குள் இருந்தால் வாசிக்க எதுவுமே இருக்காது. இந்த அத்தியாயம் பேசுவது இந்த மூன்றையும்தான்.

ஒரு மாதிரி அஞ்சல்

கல்லூரித் தேர்வுப் பிரிவு மாணவர்களுக்கு அனுப்பும் கட்டண அறிவிப்பை எடுத்துக்கொள்ளலாம். பொருள் வரியில் "முக்கிய அறிவிப்பு" என்று இருக்கிறது. உள்ளே வண்ணச் சுவரொட்டி போன்ற ஒரு படம். தேர்வு தொடங்கும் நாள், கட்டணத் தொகை, கடைசித் தேதி, அபராதம் எல்லாம் அந்தப் படத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. படத்துக்குக் கீழே மூன்று வரிகள்: "கட்டணம் செலுத்த இங்கே சொடுக்கவும்", "அட்டவணைக்கு இங்கே சொடுக்கவும்", "விண்ணப்பத்துக்கு இங்கே சொடுக்கவும்". மூன்றிலும் "இங்கே சொடுக்கவும்" என்ற பகுதி மட்டும் நீல நிறத்தில் இணைப்பாக இருக்கிறது. அதற்கும் கீழே பெரிய தடித்த எழுத்தில் "கவனிக்க வேண்டியவை", அதன் பின் சில விதிகள். முடிவில் கையெழுத்துக்குப் பதிலாக அலுவலக முகவரி அட்டையின் படம்.

பார்வையுள்ள மாணவருக்கு இதில் குறை எதுவும் தெரியாது. திரைவாசிப்பானில் கேட்பவருக்கு முதல் படம் காதில் விழாமலே போகலாம். மாற்று உரை இல்லாத படத்தைச் சில வாசிப்பான்கள் சத்தமின்றித் தாண்டிவிடும். சில "படம்" என்று மட்டும் சொல்லும். சில கோப்பின் பெயரை வாசிக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டிய படம் என்றால் `IMG-20241104-WA0007` என்பதை எழுத்து எழுத்தாகக் கேட்க வேண்டிவரும். இணைப்புப் பட்டியலைத் திறந்தால் "இங்கே சொடுக்கவும்" என்பது மூன்று முறை. தலைப்புப் பட்டியல் வெறுமை. தொகையோ கடைசித் தேதியோ எங்கும் கிடைக்காது. ஐயம் கேட்கத் தொலைபேசி எண்ணைத் தேடினால் அதுவும் படத்துக்குள் இருக்கிறது.

இணைப்புக்குப் பெயர்

இணைப்பின் சொற்களைச் சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்து பிரித்து வைத்தாலும் அவை எங்கே கொண்டுபோகும் என்பது தெரிய வேண்டும். இதுவே அடிப்படை விதி. இணைய உள்ளடக்கத்துக்கான உலக அணுகல் நெறிமுறையான டபிள்யூ.சி.ஏ.ஜி., வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தாலாவது இணைப்பின் நோக்கம் விளங்க வேண்டும் என்பதைத் தன் மிகக் குறைந்த நிலைத் தேவையாகவே வைத்திருக்கிறது. இணைப்பைத் தனியாகப் படித்தாலும் விளங்க வேண்டும் என்பது அதன் உயர்ந்த நிலைத் தேவை. மின்னஞ்சலில் இணைப்புகள் சிலவே இருக்கும் என்பதால் உயர்ந்த நிலையையே எட்டிவிடலாம். கூடுதல் உழைப்பு ஏதும் இல்லை.

"இங்கே சொடுக்கவும்", "மேலும் படிக்க", "விவரங்களுக்கு", "பார்க்க" ஆகியவை தனித்து நிற்காத சொற்கள். மாதிரி அஞ்சலில் இணைப்பை வேறு சொற்களின் மேல் நகர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். "தேர்வுக் கட்டணம் செலுத்தும் பக்கம்", "நவம்பர் தேர்வு அட்டவணை", "அபராத விலக்கு விண்ணப்பப் படிவம்" என்று மூன்று இணைப்புகளுக்கும் மூன்று பெயர்கள். தமிழின் சொல் வரிசை இதற்கு ஒத்துழைக்கிறது. பொருளைச் சொல்லும் சொல் முன்னாலும் செயலைச் சொல்லும் வினை பின்னாலும் வருவதால், பட்டியலில் ஒவ்வொரு இணைப்பின் முதல் சொல்லும் தானாகவே வேறுபடும். பயனர் முதல் சொல்லைக் கேட்ட உடனே அடுத்ததற்குத் தாவிவிடுவார் என்பதால் இது சிறிய வசதி இல்லை. "இந்த இணைப்பின் மூலம் தாங்கள்..." என்று தொடங்கும் நீண்ட இணைப்புகள் அந்த வசதியைக் கெடுத்துவிடுகின்றன.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பெயர்ச்சொல்லோடு வேற்றுமை உருபு ஒட்டி வரும் இடத்தில், சிலர் பெயரை மட்டும் இணைப்பாக்கி உருபை வெளியே விட்டுவிடுவார்கள். "படிவத்தை" என்ற சொல்லில் "படிவத்" வரை நீலமாகவும் "தை" கறுப்பாகவும் இருக்கும். திரைவாசிப்பான் இணைப்பு முடியும் இடத்தில் பேச்சை வெட்டுவதால், சொல் இரண்டாக உடைந்து கேட்கும். உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் இணைப்பாக்க வேண்டும். இன்னும் நல்லது, உருபே தேவைப்படாதபடி இணைப்பைத் தனி வரியில் வைப்பது.

வெற்று முகவரியை அப்படியே ஒட்டுவதும் பரவலாக உள்ளது. கல்லூரியின் முகப்புப் பக்கம் போன்ற குறுகிய முகவரி என்றால் கெடுதல் இல்லை. அஞ்சலை அச்சிட்டுப் படிப்பவருக்கும் அது உதவும். கேள்விக்குறி, சமக்குறி, எண்கள் என்று இரண்டு வரிக்கு நீளும் முகவரியோ வாசிக்கும்போது ஒவ்வொரு குறியாக ஒலிக்கும். சுருக்கு முகவரிகள் காதுக்குக் குறைவாகத் தொல்லை தந்தாலும், எங்கே போகின்றன என்பதைச் சொல்வதில்லை. மோசடி அஞ்சல்கள் மலிந்த காலத்தில் அது பார்வையுள்ளவருக்கும் தயக்கம் தரும்.

இணைப்பு கோப்பு ஒன்றைத் திறக்கும் என்றால் அதையும் இணைப்பின் சொற்களுக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும்: "நவம்பர் தேர்வு அட்டவணை, பி.டி.எஃப்., 2 எம்.பி.". வேறு செயலி திறப்பதும் கைபேசித் தரவு செலவாவதும் பயனருக்கு முன்கூட்டியே தெரியும். ஒரே இடத்துக்குப் போகும் இணைப்புகள் அஞ்சல் முழுவதும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். வெவ்வேறு இடங்களுக்குப் போகும் இணைப்புகள் ஒரே பெயரில் இருக்கக் கூடாது. சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் குறிப்பில் விளக்கத்தை ஒளித்து வைப்பதை நம்ப வேண்டாம். தொடுதிரையில் அது வராது. பல வாசிப்பான்கள் வாசிப்பதும் இல்லை.

இணைப்பு இடுவது எளிது. அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் சொற்களைத் தேர்ந்தெடுத்து `Ctrl+K` அழுத்தி முகவரியை ஒட்டினால் போதும்.

தலைப்பு: தோற்றமும் குறியீடும்

பெரிய தடித்த எழுத்து கண்ணுக்குத்தான் தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு வரி. அஞ்சலின் உள்ளே "இது தலைப்பு, இரண்டாம் நிலை" என்ற குறியீடு இருந்தால்தான் `H` அங்கே போய் நிற்கும். அவுட்லுக்கின் கணினிப் பதிப்பில் `Format Text` பட்டியில் உள்ள `Styles` பகுதியில் `Heading 1`, `Heading 2` ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். `Ctrl+Alt+1`, `Ctrl+Alt+2` என்பவை அவற்றின் குறுக்குவிசைகள். அந்தப் பாணியின் நிறமோ அளவோ பிடிக்கவில்லை என்றால் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். குறியீடு அப்படியே நிற்கும்.

ஜிமெயிலில் அஞ்சல் எழுதும் பெட்டியில் எழுத்தின் அளவை மாற்றலாமே தவிர, தலைப்புப் பாணி இல்லை. அங்கே எழுதப்படும் சாதாரணக் கடிதத்துக்குத் தலைப்பு தேவைப்படுவதும் அரிது. ஒரு திரைக்குள் அடங்கும் அஞ்சலுக்குத் தெளிவான பொருள் வரியே போதுமான தலைப்பு. "முக்கிய அறிவிப்பு" என்பதற்குப் பதிலாக "நவம்பர் தேர்வுக் கட்டணம்: கடைசி நாள் 18" என்று எழுதினால், அஞ்சல் பட்டியலை வரிவரியாகக் கேட்டுக்கொண்டு போகிறவர் அதைத் திறக்காமலே தேவையானதை அறிந்துகொள்வார். நாலு பத்தி அஞ்சலுக்கு ஐந்து தலைப்பு வைப்பது உதவி ஆகாது. ஒவ்வொன்றையும் "தலைப்பு, நிலை இரண்டு" என்ற முன்னறிவிப்போடு கேட்க வேண்டியிருக்கும்.

மாத இதழ் போன்ற நீண்ட அஞ்சலில் நிலைமை வேறு. இதழின் பெயர் முதல் நிலை, ஒவ்வொரு செய்தியின் தலைப்பும் இரண்டாம் நிலை. இதற்கு மேல் பெரும்பாலும் வேண்டியதில்லை. எழுத்தின் அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக இரண்டைத் தாண்டி நான்காம் நிலைக்குப் போனால், நடுவில் ஏதோ விடுபட்டுவிட்டது என்று கேட்பவர் தேடுவார். தலைப்பின் சொற்கள் எளிமையாக இருக்க வேண்டும். "கவனிக்க வேண்டியவை" என்பதைவிட "அபராதமும் விலக்கும்" என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறது. சிலேடைத் தலைப்பை இதழியல் விரும்பலாம். தாவிப் படிப்பவருக்கு அது மூடிய கதவு.

அஞ்சலின் மூலநிரலையே எழுதுபவர்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்:

```html
<div lang="ta">
  <h2>கட்டணம்</h2>
  <p><a href="https://example.org/fee">
  தேர்வுக் கட்டணம் செலுத்தும் பக்கம்</a></p>
</div>
```

முதல் வரியில் உள்ள `lang="ta"` உரை தமிழில் இருப்பதை அறிவிக்கிறது. மொழிக்கேற்பக் குரலை மாற்றும் வசதி உள்ள வாசிப்பான் அதைக் கண்டு தமிழ்க் குரலுக்கு மாறும். சில அஞ்சல் செயலிகள் வெளிச் சட்டத்தில் உள்ள குறிப்புகளை நீக்கிவிடுவதால், மொழிக் குறிப்பை உள்ளே இருக்கும் `div` மேலேயே வைப்பது பாதுகாப்பு.

படத்துக்குள் எழுத்து வேண்டாம்

சுவரொட்டிப் படத்தை அப்படியே அஞ்சலில் ஒட்டும் வழக்கம் வாட்ஸ்அப் காலத்தில் வேரூன்றிவிட்டது. படத்தில் உள்ள எழுத்து, எழுத்தாக இல்லை. வெறும் நிறப் புள்ளிகள். அதனால் இழப்பு பார்வையற்றவரோடு நிற்பதில்லை. குறைபார்வை உள்ளவர் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். தொலைபேசி எண்ணை நகலெடுக்க முடியாது. மாதம் கழித்து "தேர்வுக் கட்டணம்" என்று அஞ்சல் பெட்டியில் தேடினால் பலருக்கும் அது கிடைக்காது. அவுட்லுக் வெளித்தளத்திலிருந்து வரும் படங்களை முதலில் தடுத்தே காட்டும் என்பதால், பார்வையுள்ளவருக்கும் வெற்றுக் கட்டம்தான் தெரியும்.

என்.வி.டி.ஏ.வில் `Insert+R` அழுத்திப் படத்தில் உள்ள எழுத்தை உணரச் செய்யலாம். ஆங்கில அச்செழுத்துக்கு அது ஓரளவு உதவும். தமிழுக்கு அதை நம்பி அனுப்ப முடியாது. வண்ணப் பின்னணியில் வளைந்த அலங்கார எழுத்து என்றால் எந்தக் கருவியும் தடுமாறும். அனுப்புகிறவர் ஒருமுறை தட்டச்சு செய்தால் தீரும் வேலையைப் பெறுகிறவர் ஒவ்வொருவர் தலையிலும் சுமத்துவதற்கு நியாயம் ஒன்றும் இல்லை.

"மாற்று உரையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டால் போதாதா?" என்ற கேள்வி எழும். குறுகிய செய்திக்குப் போதும். பதினைந்து வரிச் சுற்றறிக்கைக்குப் போதாது. மாற்று உரை ஒரே தொடராக வாசிக்கப்படும். அதற்குள் தலைப்போ இணைப்போ வைக்க முடியாது. தேதியை மட்டும் மறுபடி கேட்க வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி கேட்க நேரும். செய்தி அஞ்சலின் உடலில் எழுத்தாக இருக்கட்டும். சுவரொட்டியின் அழகு வேண்டும் என்றால் அதைக் கீழே வைத்து, "மேலே உள்ள விவரங்கள் அடங்கிய சுவரொட்டி" என்று ஒரு வரி மாற்று உரை கொடுக்கலாம்.

செய்தி தரும் படமாக இருந்தால், அது இல்லாதபோது படிப்பவர் எதை இழப்பார் என்பதை மாற்று உரை சொல்ல வேண்டும். தேர்வு மையத்துக்கு வழிகாட்டும் வரைபடத்துக்கு "வரைபடம்" என்று எழுதினால் வீண். "பிரதான வாயிலிலிருந்து நூலகத்தைக் கடந்து இடப்பக்கம் இரண்டாம் கட்டடம்" என்பதே வேண்டியது. "இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டாம். வாசிப்பான் அதை முன்பே சொல்லிவிடும். வெறும் அலங்காரக் கோடு, பூ வேலைப்பாடு ஆகியவற்றுக்கு மாற்று உரை காலியாக இருக்க வேண்டும்: நிரலில் `alt=""`, அவுட்லுக்கில் அலங்காரப் படம் என்ற குறி. காலியாக விடுவதும் எழுதாமலே விடுவதும் ஒன்றில்லை. காலி என்றால் "தாண்டிப் போ" என்று பொருள். எழுதப்படாத இடத்தில் வாசிப்பான் தன் ஊகத்துக்கு வேலை கொடுக்கும். படமே இணைப்பாக இருந்து மாற்று உரையும் இல்லாவிட்டால், இணைப்பின் முகவரியைத் துண்டு துண்டாக வாசிக்கும். மூன்று வகையில் இதுவே மிகக் கெட்டது.

நிறுவனச் சின்னத்தில் உள்ள எழுத்துக்கு நெறிமுறையே விலக்கு தருகிறது. சின்னத்தின் மாற்று உரையாகக் கல்லூரியின் பெயரைக் கொடுத்தால் முடிந்தது. கையெழுத்தாக வரும் முகவரி அட்டைப் படத்துக்கு அந்த விலக்கு இல்லை. பெயர், பதவி, தொலைபேசி எண் மூன்றையும் தட்டச்சு செய்ய வேண்டும். ஒளிவருடி எடுத்த கடிதத்தைப் பி.டி.எஃப். ஆக்கி இணைப்பதும் படத்தை ஒட்டுவதும் காதுக்கு ஒன்றே. வேர்டு கோப்பிலிருந்து நேராகச் சேமித்த பி.டி.எஃப். எழுத்துகளைக் கொண்டிருக்கும், கையொப்பமும் முத்திரையும் இட்டு மறுபடி ஒளிவருடியது படம் மட்டுமே. அலுவலக நடைமுறைக்கு முத்திரையிட்ட பிரதி தேவை என்றால் அதை இணைக்கலாம், அதன் உரையை அஞ்சலின் உடலிலும் கொடுத்துவிட்டு.

எழுத்து எழுத்தாகவே இருந்தும் காதுக்கு எட்டாத ஒரு வகை தமிழில் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரை, திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளே. "தமிழ்" என்ற சொல் அங்கே `jkpo;` என்று இருக்கும். வாசிப்பானும் அப்படியே ஒலிக்கும். பழைய சுற்றறிக்கைகளிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இது எளிதாக நுழைந்துவிடும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

மாதிரி அஞ்சல், திருத்திய பின்

பொருள் வரி: நவம்பர் தேர்வுக் கட்டணம்: கடைசி நாள் 18. அஞ்சலின் உடல்:

> கட்டணம்
> ஒரு தாளுக்கு 150 ரூபாய். நவம்பர் 18க்குள் செலுத்த வேண்டும்.
> [தேர்வுக் கட்டணம் செலுத்தும் பக்கம்]
>
> தேர்வு நாள்கள்
> எழுத்துத் தேர்வு நவம்பர் 28 அன்று தொடங்குகிறது.
> [நவம்பர் தேர்வு அட்டவணை, பி.டி.எஃப்., 2 எம்.பி.]
>
> அபராதமும் விலக்கும்
> நவம்பர் 25 வரை 200 ரூபாய் அபராதத்துடன் செலுத்தலாம். விலக்குக் கோருபவர்கள் துறைத் தலைவரின் கடிதத்தை இணைக்க வேண்டும்.
> [அபராத விலக்கு விண்ணப்பப் படிவம்]

"கட்டணம்", "தேர்வு நாள்கள்", "அபராதமும் விலக்கும்" ஆகிய மூன்று வரிகளும் இரண்டாம் நிலைத் தலைப்புகள். சதுர அடைப்புக்குள் இருப்பவை இணைப்புகள். முடிவில் அலுவலகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத்தாக. `H` விசையை மூன்று முறை தட்டினால் அஞ்சலின் எலும்புக்கூடு முழுவதும் காதில் விழும். கட்டணம் செலுத்த மட்டும் வந்தவர் `K` விசையை ஒருமுறை தட்டினால் போதும்.

அனுப்புவதற்கு முன் சோதனை

அஞ்சலை முதலில் சொந்த முகவரிக்கே அனுப்பித் திறக்க வேண்டும். எழுதும் பெட்டியில் தெரிவதும் பெறுகிறவருக்குப் போய்ச் சேர்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. என்.வி.டி.ஏ.வை நிறுவி `Ctrl+Alt+N` அழுத்தினால் பேசத் தொடங்கும். `Ctrl` அழுத்தினால் வாய் மூடும், `Insert+Q` அழுத்தினால் வெளியேறும். குரலின் வேகத்துக்குப் பழகாதவர்கள் `Insert+N` அழுத்தி `Tools` பட்டியில் `Speech Viewer` என்பதைத் திறந்தால், பேசுவதெல்லாம் எழுத்தாகவும் ஓடும்.

பிறகு `Insert+F7`. இணைப்புப் பட்டியலை அஞ்சலைப் பார்க்காத ஒருவரிடம் படித்துக் காட்டி, ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று கேட்கலாம். தயங்கும் இடம் திருத்த வேண்டிய இடம். அதே பெட்டியில் தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் காலியாக வருகிறதா என்பது தெரியும். காலியாக வந்தால் அந்தத் "தலைப்புகள்" வெறும் தடித்த எழுத்துகள். படங்களுக்கான சோதனைக்கு வாசிப்பானே வேண்டாம். ஜிமெயில் அமைப்புகளில் வெளிப் படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி மாற்றிக்கொண்டு, இதழ் போன்ற அஞ்சல்களைத் திறந்தால் போதும்: அந்த நிலையில் கடைசித் தேதியைச் சொல்ல முடியாவிட்டால் அஞ்சல் இன்னும் தயாராகவில்லை. அஞ்சலுக்குள்ளேயே ஒட்டிய படங்களை இந்த அமைப்பு மறைக்காது என்பதால், அவற்றின் மீதுள்ள எழுத்தைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முயல வேண்டும். தேர்வாகாத எழுத்து வாசிக்கப்படாது. அவுட்லுக்கில் `Review` பட்டியில் உள்ள `Check Accessibility` மாற்று உரை இல்லாத படங்களைப் பட்டியலிடும். ஆனால் மாற்று உரையில் "படம் 1" என்று எழுதியிருந்தால் அதுவும் குறை சொல்லாமல் விட்டுவிடக்கூடும். உரை இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும், பொருள் இருக்கிறதா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.